விரலால் படிக்கும் கதிர்ப்படம்

கேள்வி: அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முழுமையாகப் பார்வையில்லாத மாணவி ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள். பிரெயில் நன்றாகப் படிப்பாள். புத்தகத்திலுள்ள குவிலென்சு கதிர்ப்படத்தை அப்படியே பெரிதாக்கி, கோடுகள் மேல் ஃபெவிகால் போட்டுக் காயவைத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, “எல்லாக் கோடும் ஒண்ணா இருக்கு மிஸ்” என்றாள். மிஷின் எதுவும் இல்லாமல் இதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தப் பிள்ளை சொன்னது முழுக்கச் சரி. ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது. காயக் காய அது வற்றி, கோடு அமுங்கிப்போகும். அதைவிடப் பெரிய பிரச்சினை, அச்சு, லென்சு, கதிர் எல்லாமே ஒரே மாதிரிக் கோடாக இருப்பது. கண் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் வாங்கிவிடும். விரல் துண்டு துண்டாகத்தான் சேர்க்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் விரல்நுனிக்கு அவை ஒரே தடித்த கோடுதான். ஆகவே புத்தகப் படத்தைப் பெரிதாக்க வேண்டாம். அதை ஓரமாக வைத்துவிட்டு, விரலுக்கென்று புதிதாக வரையுங்கள்.

பொருள் 2F-க்கு அப்பால் இருக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். A4 அளவு தடித்த தாள் ஒன்றைப் படுக்கைவாக்கில் வையுங்கள். குவியத் தூரம் 5 செ.மீ. பொருள் லென்சிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால் பிம்பம் மறுபக்கம் 7.5 செ.மீ. தூரத்தில், பாதி உயரத்தில், தலைகீழாக விழும். தாளின் இடது ஓரத்திலிருந்து 16.5 செ.மீ. தள்ளி லென்சை வைத்தால் எல்லாம் அடங்கும்.

பொருளின் உயரத்தை எவ்வளவு வைப்பது என்பதில்தான் படம் தேறுவதும் கெடுவதும். ஒளியியல் மையம் வழியாக நேராகப் போகும் கதிர், மையத்தை நெருங்க நெருங்க முதன்மை அச்சோடு ஒட்டிக்கொள்ளும். பொருள் 3 செ.மீ. உயரம் என்றால், மையத்துக்கு இருபுறமும் ஒன்றரை செ.மீ. தூரத்துக்கு அந்த இரண்டு கோடுகளையும் விரலால் பிரிக்க முடியாது. உங்கள் மாணவி தடுமாறியதும் பெரும்பாலும் இந்த இடமாகத்தான் இருக்கும். உயரத்தை 6 செ.மீ. ஆக்குங்கள். ஒட்டும் தூரம் இருபுறமும் முக்கால் செ.மீ. ஆகக் குறையும். அந்த முக்கால் செ.மீ.க்கும் லென்சிலேயே வழி இருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 14 செ.மீ. உயரம், நடுவில் ஒன்றரை செ.மீ. அகலம் இருக்கும்படி லென்சு வடிவத்தை வெட்டி ஒட்டுங்கள். அச்சை அட்டையின் விளிம்போடு நிறுத்திவிட்டு மறுபக்கம் தொடருங்கள். இரண்டும் ஒட்டுகிற பகுதியில் இப்போது அச்சே இல்லை, கதிர் மட்டும் அட்டை மேல் ஏறிப் போகும்.

அச்சு வெறும் ஆதாரக் கோடு என்பதால் விரலில் லேசாகப் பட்டால் போதும். தையல்காரர்கள் துணியில் அடையாளம் போடும் பல்சக்கரத்தை, டிரேசிங் வீல் என்று கேட்டால் தருவார்கள், தாளின் பின்பக்கம் உருட்டினால் முன்பக்கம் சிறு புள்ளிகளாக எழும். அடியில் பழைய மவுஸ் பேட் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் வரையும்போது இடம் வலமாகிவிடுமே என்ற குழப்பம் இங்கேதான் வரும். கதிர்ப்படத்தில் இது ஆபத்து, ஏனென்றால் திருப்பிப் போட்ட படமும் நம் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். இதைத் தவிர்க்கச் சுலபமான வழி, கார்பன் தாளை மைப்பக்கம் மேலே இருக்கும்படி தாளுக்கு அடியில் வைத்து, முன்பக்கம் பென்சிலால் அழுத்தி வரைவது. பின்பக்கத்திலும் அதே கோடு அதே இடத்தில் விழும். முன்பக்கக் கோடு நூல் ஒட்ட, பின்பக்கக் கோடு சக்கரம் உருட்ட.

கதிர்களுக்குக் கோணி தைக்கும் நூல் நன்றாக இருக்கும். புத்தகத்தில் மூன்று கதிர் இருந்தாலும் இரண்டே போதும். ஒன்று, பொருளின் உச்சியிலிருந்து அச்சுக்கு இணையாக வந்து லென்சில் திரும்பி F வழியாகப் போவது. இன்னொன்று, மையம் வழியாக நேரே போவது. இரண்டும் சந்திக்கும் இடம் பிம்பத்தின் உச்சி. அங்கேயே நூலை நிறுத்திவிடுங்கள், புத்தகத்தில் அதைத் தாண்டி நீண்டிருந்தாலும் சரி. விரல் வந்து நிற்கும் இடமே அவளுக்கு விடையாகிவிடும். கதிர்களின் நடுவே போடும் சின்ன அம்புக்குறிகளையும் விட்டுவிடுங்கள். விரலுக்கு அவை முடிச்சு மாதிரிதான் படும். ஒளி இடமிருந்து வலம் போகிறது என்று வாயால் சொன்னால் முடிந்தது.

பொருளுக்கும் பிம்பத்துக்கும் அட்டைப் பட்டை வெட்டி, முனையில் முக்கால் செ.மீ. முக்கோணம் வையுங்கள். இவற்றுக்குப் பெயர் ஒட்டத் தேவையில்லை. இரண்டுமே ‘ப’வில் தொடங்குவதால் ஒற்றை எழுத்து குழப்பும். நெட்டையாக மேல்நோக்கி இருப்பது பொருள், குட்டையாகக் கீழ்நோக்கி இருப்பது பிம்பம்.

குவியப் புள்ளிகளுக்குக் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். விரல் அதைத் தவறவிடாது. எழுத்துகளைத் தனித் தாளில் பிரெயிலில் எழுதி, வெட்டி ஒட்டலாம். 2F என்று எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எண் குறி, 2, பெரிய எழுத்துக் குறி, F என நாலு கட்டம் ஆகும், அதற்கே ஏறக்குறைய இரண்டரை செ.மீ. இடம் போய்விடும். இடம் மிச்சம் பிடிக்கப் பெரிய எழுத்துக் குறியை விட்டாலோ, பிரெயிலில் f-க்கும் 6-க்கும் ஒரே புள்ளிகள் என்பதால் அவள் அதை 26 என்று படிப்பாள். பதிலாக C என்று எழுதுங்கள். C-க்கும் F-க்கும் பெரிய எழுத்துக் குறியை விட்டுவிட வேண்டாம். C என்பது பக்கத்தில் பக்கத்தில் இரண்டே புள்ளி. தனியாக ஒட்டினால் அது மேல் வரிசையா கீழ் வரிசையா என்று தெரியாது. குறியின் ஆறாம் புள்ளி அடியில் இருப்பதால் மட்டம் பிடிபடும்.

எழுத்தை எங்கே ஒட்டுவது? லென்சுக்கு இடப்பக்கம் கதிர்கள் அச்சுக்கு மேலே ஓடுகின்றன, அதனால் அங்கே எழுத்து அச்சுக்குக் கீழே. வலப்பக்கம் F-ஐத் தாண்டியதும் கதிர்கள் கீழே போய்விடும், அதனால் அங்கே பொட்டின் வலப்புறம், அச்சுக்கு மேலே. எதிலிருந்தும் 3 மி.மீ. தள்ளியே ஒட்டுங்கள்.

இதை இரண்டு தாளாகச் செய்யுங்கள். முதல் தாளில் லென்சு, அச்சு, பொட்டுகள், எழுத்துகள் மட்டும். அது கைக்குப் பழகிய பிறகு கதிர்கள் உள்ள இரண்டாம் தாள். எது மேல்பக்கம் என்று தெரிய வலது மேல் மூலையைக் கத்தரித்துவிடுவது என் வழக்கம்.

சரியாக வந்திருக்கிறதா என்று நீங்களே கண்ணை மூடித் தடவிப் பார்ப்பது உதவாது. படம் உங்கள் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. அவளிடம் கொடுத்து, மையம் வழியாகப் போகும் கதிரைப் பொருளின் உச்சியிலிருந்து பிடித்துப் போகச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் விரலை மட்டும் கவனியுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அங்கே ஏதோ நெருக்கம். லென்சைத் தாண்டியதும் விரல் அச்சில் ஏறிவிட்டால், அச்சு அழுத்தமாக எழுந்துவிட்டது என்று பொருள். சக்கரத்தை இன்னும் லேசாக உருட்டி வேறு தாள் போடுங்கள். எனக்கு முதல் படம் மூன்றாவது தாளில்தான் சரியாக வந்தது.