மான்ட்ரியலில் ஆங்கிலப் பள்ளி கிடைக்குமா?

"அண்ணா, ஆகஸ்டில் வொர்க் பெர்மிட்டில் குடும்பத்தோடு மான்ட்ரியல் வருகிறோம். மகளுக்கு 13, மகனுக்கு 7. இருவரும் சென்னையில் இங்கிலீஷ் மீடியம். கனடாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழிதானே? அப்புறம் ஏன் எல்லோரும் பிரெஞ்சுப் பள்ளி என்கிறார்கள்?"

தம்பி, ஆட்சிமொழி விஷயம் ஒட்டாவாவோடு நின்றுவிடும். 1969-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் மத்திய அரசின் அலுவலகங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பாஸ்போர்ட் விண்ணப்பமும் மத்திய வருமான வரிக் கடிதமும் எந்த மொழியில் வேண்டுமோ அந்த மொழியில் வரும். பள்ளிக்கூடமோ 1867-இலிருந்தே மாகாணத்தின் கையில். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணம் 1974-இல் பிரெஞ்சை மட்டும் தன் ஆட்சிமொழி என்று அறிவித்துவிட்டது. இரண்டு மொழிகளையும் மாகாண ஆட்சிமொழியாக வைத்திருப்பது நியூ பிரன்ஸ்விக் ஒன்றுதான்.

இங்கே பள்ளியைத் தீர்மானிப்பது 1977-இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனம். ஊரில் எல்லோருக்கும் அது பில் 101. அரசுப் பள்ளியிலும் அரசு மானியம் வாங்கும் தனியார் பள்ளியிலும் படிப்பு பிரெஞ்சில் என்பது பொது விதி. விலக்கு, சுருக்கமாகச் சொன்னால், இதுதான்: அப்பாவோ அம்மாவோ கனடியக் குடிமகனாக இருக்க வேண்டும், அவர் தன் தொடக்கப் பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியை கனடாவுக்குள் ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும்.

"கனடாவுக்குள்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். நிரந்தரக் குடியேற்ற உரிமையோடு 2006-இல் வந்தபோது, திருச்சியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்ததற்கான சான்றிதழ்களை எல்லாம் ஃபைல் போட்டு எடுத்துப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா முதல் தாளைப் பார்த்தார், "இது இந்தியா" என்றார், ஃபைலை மூடிக் கொடுத்துவிட்டார். அத்தனை வருட இங்கிலீஷ் மீடியத்துக்கு அங்கே எடை இல்லை.

பிள்ளைக்கு என்ன மொழி தெரியும் என்று பார்க்காமல் பெற்றோர் எந்தப் பள்ளியில் உட்கார்ந்தார்கள் என்று ஏன் பார்க்கிறார்கள்? அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1960-களில் மான்ட்ரியல் வந்த குடியேறிகளில் பெரும்பாலோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில்தான் சேர்த்தார்கள். வேலையும் சம்பளமும் அந்தப் பக்கம் இருந்தன. பிரெஞ்சுக்காரர் வீடுகளில் பிறப்பும் குறைந்துகொண்டிருந்ததால், அடுத்த தலைமுறையில் நகரமே கைமாறிவிடும் என்ற பயம் வந்தது. கிழக்குப் பக்கம் சேன் லெயோனார் என்ற இடத்தில் இத்தாலியக் குடும்பங்கள் அதிகம். அங்கிருந்த இருமொழி வகுப்புகளைப் பள்ளி வாரியம் பிரெஞ்சு வகுப்புகளாக மாற்றத் தொடங்க, 1969-இல் தெருச் சண்டை வரை போனது. அரசு பயந்துபோய் அதே ஆண்டு பில் 63 என்று ஒன்று கொண்டுவந்து, பெற்றோர் விருப்பப்படி சேர்க்கலாம் என்றது. பிரெஞ்சுக்காரர்கள் கொதித்தார்கள். 1974-இல் பில் 22 வந்தது: ஆங்கிலம் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு மட்டும் ஆங்கிலப் பள்ளி, அதற்குப் பரீட்சை. ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்கு மொழிப் பரீட்சை! நம்ம ஊராக இருந்தால் என்ன நடக்கும்? அதேதான் இங்கும் நடந்தது. பரீட்சையில் தேற வேண்டும் என்று குழந்தைகளுக்கு டியூஷன் வைத்தார்கள்.

பில் 101 அந்தப் பரீட்சையைத் தூக்கிவிட்டு, தாளைக் கேட்டது. தாளுக்கு டியூஷன் வைக்க முடியாது. முதலில் பெற்றோர் கியூபெக்கிலேயே ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும் என்று இருந்தது. 1982 அரசியல் சாசனத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் 1984-இல் அதை "கனடாவில்" என்று விரித்தது. எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் முதல் இரண்டு வருடம் கோபம் இருந்தது. இப்போது இல்லை. குடியேறிகளைத் தன் மொழிக்குள் இழுக்க ஒரு சமூகத்திடம் பள்ளியை விட்டால் வேறு பெரிய கருவி இல்லை. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது பதின்வயதில் வந்து இறங்கும் பிள்ளை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வொர்க் பெர்மிட்டில் தற்காலிகமாக வருகிறவர் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி அனுமதி கேட்கலாம். ஆனால் இந்தச் சாசனத்தைத் திருத்தி 2022-இல் வந்த பில் 96-க்குப் பிறகு அது அதிகபட்சம் மூன்று ஆண்டு, புதுப்பிக்க முடியாது. அந்த மூன்று ஆண்டுப் படிப்பைக் காட்டிப் பின்னால் ஆங்கிலப் பள்ளிக்கு நிரந்தர உரிமையும் கேட்க முடியாது.

இங்கே தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டு, உயர்நிலை ஐந்து ஆண்டு; பன்னிரண்டாம் வகுப்பு கிடையாது. செப்டம்பர் 30-இல் 13 வயது முடிந்திருந்தால் மகள் உயர்நிலை இரண்டில் உட்காருவாள். மூன்று ஆண்டு ஆங்கிலம் என்றால் இரண்டு, மூன்று, நான்கு முடியும். ஐந்தாவது, அதாவது பள்ளியின் கடைசி ஆண்டு, பிரெஞ்சில். அந்த ஆண்டில்தான் பயிற்றுமொழியில் நீண்ட கட்டுரை எழுதும் அரசுத் தேர்வு வருகிறது. அந்தப் பாடம் தேறாமல் டிப்ளமா இல்லை. பிரெஞ்சை ஒரு பாடமாக மட்டும் படித்துவிட்டு அங்கே போய் நிற்பாள். மூன்று ஆண்டுக்குள் இந்தியா திரும்புவதோ டொரன்டோ போவதோ உறுதி என்றால் அனுமதியை வாங்குங்கள். இங்கேயே தங்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் அவளை முதல் நாளே பிரெஞ்சில் விடுங்கள்.

முதலில் "க்ளாஸ் தக்கேய்" என்ற வரவேற்பு வகுப்பில் போடுவார்கள். சின்ன வகுப்பு, பல நாட்டுப் பிள்ளைகள், நாளில் பெரும்பகுதி பிரெஞ்சு, கூடவே கொஞ்சம் கணக்கு. என் பெரியவள் 12 வயதில் வந்து ஒன்றரை வருடம் அதில் இருந்தாள். கணக்கில் வகுப்பைவிட முன்னால் இருந்தவள், கேள்வியைப் படிக்க முடியாமல் வழிக்கணக்குகளில் முட்டை வாங்கினாள். பிறகு பள்ளி அவளை ஒரு வகுப்பு கீழேதான் சேர்த்தது. அழுதாள். அதனால் மதிப்பெண் அட்டைகளோடு அவள் போட்ட கணக்கு, அறிவியல் பாடத்திட்டத்தையும் எடுத்து வாருங்கள். எந்த வகுப்பு என்று பேசும்போது கையில் ஏதாவது இருக்கும். வருவதற்கு முன் இருக்கும் மாதங்களில் அவள் பேச்சைவிட வாசிப்பைப் பழகட்டும். பேச்சு மைதானத்தில் வந்துவிடும்.

மகனைப் பற்றிக் கவலையே வேண்டாம். இரண்டாம் வகுப்பு, கிறிஸ்துமஸ் முடிவதற்குள் உங்கள் பிரெஞ்சைத் திருத்துவான். ஆங்கிலம் மறந்துவிடுமே என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம்.

நீங்களும் உங்கள் மனைவியும் வந்த வாரமே "ஃப்ரான்சிசாசியோன் கியூபெக்" என்ற அரசுச் சேவையில் பெயர் கொடுங்கள். வகுப்பு இலவசம், வொர்க் பெர்மிட்காரர்களுக்கும் உண்டு. பள்ளியிலிருந்து வரும் கடிதம் எல்லாம் பிரெஞ்சில் வரும். எங்கள் வீட்டில் முதல் வருடம் அதை எங்களுக்கு வாசித்துச் சொன்னது பெரியவள். அவளைப் பற்றிய புகார்க் கடிதங்கள் சிலவற்றை அவள் எப்படி மொழிபெயர்த்தாள் என்பது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.