கட்டிய பணம் வேறு பட்டியலில் வரவாகிவிட்டால்

கேள்வி: கண்டியில் உள்ள மொத்த விநியோக நிறுவனத்திடம் கடனுக்குச் சாமான் எடுக்கிறேன். ஏப்ரல் 2ஆம் திகதிப் பட்டியலின் 64,200 ரூபாவில், 14 நாளுக்குள் கட்டினால் கிடைக்கும் 2 சதவீதக் கழிவை நீக்கி, 12ஆம் திகதி வங்கியில் 62,916 ரூபா வைப்பிலிட்டேன். அவர்களோ அதை மார்ச் மாதப் பட்டியலில் (86,500 ரூபா) கழித்துவிட்டார்கள். அதில் நனைந்து வந்த மா மூட்டைகளுக்காக 21,000 ரூபா குறைக்கும்படி நான் கேட்டிருக்கிறேன். இப்போது ஏப்ரல் பட்டியல் தவணை கடந்துவிட்டதென்று கூறி, சாமான் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?
– கடைக்காரர், ஹட்டன்

பதில்: நீங்கள் ரெமிட்டன்ஸ் அட்வைஸ், அதாவது எந்தப் பட்டியலுக்காகப் பணம் கட்டப்பட்டது என்ற விபரம், அனுப்பியதாகத் தெரியவில்லை. அது இல்லாதபோது, வருமதிக் கணக்கைப் பார்ப்பவர் மிகப் பழைய பட்டியலில் பணத்தைக் கழிப்பது பரவலான வழக்கம். ஆயினும் இங்கே தொகையே தடயமாக இருந்தது: 64,200இல் 2 சதவீதம் 1,284 ரூபா, அதைக் கழித்தால் சரியாக 62,916 வருகிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்க வேண்டிய விடயம் இது.

வைப்புச் சீட்டின் பிரதியுடன் இரண்டு பட்டியல் இலக்கங்களையும் குறிப்பிட்டு, வருமதிப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். அவர்கள் பற்றுச்சீட்டை இரத்துச் செய்யத் தேவையில்லை. மார்ச் பட்டியலுடனான இணைப்பை மட்டும் நீக்கி, அதே பற்றுச்சீட்டை ஏப்ரல் பட்டியலுடன் இணைத்து, 1,284 ரூபாவைக் கழிவாகப் பதிய வேண்டும். பற்றுச்சீட்டை இரத்துச் செய்து இன்றைய திகதியில் புதிதாகப் போட்டால், நீங்கள் 14 நாளுக்குப் பிறகு கட்டியதாகக் கணக்குக் காட்டும், கழிவும் கைநழுவும். ஆகவே ஏப்ரல் 12 என்ற திகதி மாறக்கூடாதென்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

“மொத்த நிலுவை எப்படியும் ஒன்றுதானே” என்று அவர்கள் சொல்லக்கூடும். இப்போதைய கணக்கில் மார்ச்சுக்கு 23,584, ஏப்ரலுக்கு 64,200 என மொத்தம் 87,784 ரூபா நிற்கிறது. திருத்திய பின் ஏப்ரல் பட்டியல் முழுதும் தீர்ந்து, மார்ச்சின் 86,500 மட்டும் நிற்கும். குறையும் 1,284 ரூபா உங்கள் கழிவு. தாமத வட்டி ஏதும் சேர்த்திருந்தால் அதையும் நீக்கச் சொல்லி, திருத்திய கணக்குக்கூற்றை வாங்கிச் சரிபாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்திருத்தத்தால் மார்ச் பட்டியல் முழுமையாகத் திறந்துகொள்வதால், சாமான் நிறுத்தம் உடனே நீங்காமலும் போகலாம். மா மூட்டைகளுக்குரிய 21,000 ரூபாவைத் தகராறில் உள்ள தொகையாகக் குறிக்கும்படி கேளுங்கள். அதற்கான கிரெடிட் நோட் வரும்வரை காத்திராமல், தகராறில்லாத 65,500 ரூபாவைக் கட்டிவிடுவதே நல்லது. இம்முறை வைப்புச் சீட்டிலேயே பட்டியல் இலக்கத்தை எழுதி, அதன் படத்தை அன்றே வருமதிப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.