மாமா திருப்பிக் கொடுத்த கவர்

ஐயா,

எங்கள் வீடு மயிலாடுதுறையில் இருக்கிறது. அம்மா இரண்டு வருடமாக என்னோடு பெங்களூரில் இருக்கிறார். மாதம் ஒருமுறை நான் ஊருக்கு வந்து வீட்டைத் திறந்து பெருக்கிவிட்டுப் போவேன். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு மாமாவிடம் இருக்கிறது. அவருக்கு வயது 79, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஆர்டர் போடும் சாமான், அம்மாவுக்கு வரும் தபால் எல்லாம் அவர்தான் வாங்கி வைக்கிறார். பொங்கலுக்கு ஒரு கவரில் 2,000 ரூபாய் வைத்துக் கொடுத்தேன். "இது எதுக்கும்மா?" என்று கேட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து அவர் என்னிடம் பேசுவது குறைந்துபோன மாதிரி இருக்கிறது. சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. தீபாவளிக்கு வருகிறேன். அவருக்கு எப்படி நன்றி சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கும்பகோணத்துப் பக்கம் எங்கள் தெருவில் என் வீட்டுச் சாவியும் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து வீட்டில்தான் தொங்குகிறது. வைத்திருப்பவர் ஒரு பெரியம்மா. உறவு இல்லை, தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். நான் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டேன். அதனால் உங்கள் கடிதத்தை வேறு யாருக்கோ வந்த சங்கடமாக என்னால் படிக்க முடியவில்லை.

கவர் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். உங்கள் மனதில் குறை எதுவும் இல்லை, அது மாமாவுக்கும் தெரியும். ஆனால் நம் பக்கத்தில் காசை எண்ணிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தால், வேலைக்குக் கூலி கொடுத்துக் கணக்கை முடித்ததாகத்தான் பெரியவர்களுக்குப் படும். அவர் கணக்கு வைத்துக்கொண்டு செய்யவில்லை. "அன்னைக்கு நான் அப்படிக் கொடுத்திருக்கக் கூடாது மாமா" என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். விளக்க ஆரம்பித்தால் அவர் மறுபடி சங்கடப்படுவார்.

அடுத்து, அவர் உங்களுக்காக என்ன செய்கிறார் என்பதை ஒருநாள் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். பகல் ஒன்றரை மணி. சாப்பிட்டுச் சற்றே சாய்ந்திருக்கிறார். வாசலில் பைக் சத்தம், உங்கள் அம்மா பேரைச் சொல்லி ஒரு குரல். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, திண்ணைப் படி இறங்கி வருகிறார். பையன் ஓ.டி.பி. கேட்கிறான். மாமா உங்களுக்குப் போன் போடுகிறார். நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். பையனுக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி, அவசரப்படுத்துகிறான். பார்சல் திரும்பிப் போய்விட்டால் அது தன் தவறு என்று மாமாவுக்குத் தோன்றும். உங்களிடம் சொல்லமாட்டார். இந்த அலைச்சலைக் குறைப்பதிலிருந்துதான் நன்றி தொடங்குகிறது என்பதை நான் பெரியம்மாவிடம் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு நான் வெளியூரில் இருந்தபோது, அண்ணன் மகன் என் பேரில் மழைக்கோட்டும் டார்ச்சும் ஆர்டர் போட்டிருந்தான். வாங்கும்போது காசு கொடுக்கும் ஆர்டர். எனக்குச் சொல்லவில்லை. பார்சல் வந்ததும் பெரியம்மா 1,340 ரூபாயைத் தன் கையிலிருந்து கொடுத்து வாங்கி வைத்துவிட்டார். ஒன்பது நாள் கழித்து நான் சாவி வாங்கப் போனபோதும் காசைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கையில் அலமாரியில் அவருடைய மருந்து டப்பா கண்ணில் பட்டது. சர்க்கரை மாத்திரை ஒரே ஒரு அட்டை, அதிலும் பாதி காலி. எப்போதும் மாதம் முழுவதற்கும் சேர்த்து வாங்குகிறவர் அவர். கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. பென்ஷன் வரும்வரை பத்து நாளுக்கு மட்டும் வாங்கியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எது ஆர்டர் போட்டாலும் முன்கூட்டியே பணம் கட்டிவிடுவேன். வரும் நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் போன் போட்டு, "நாளைக்கு ஒண்ணு வரும் பெரியம்மா, சின்ன அட்டைப்பெட்டி, காசு கட்டியாச்சு" என்று சொல்வேன். நான் சொல்லாமல் வருவது எதையும் அவர் வாங்க வேண்டியதில்லை. இது எதற்கு உதவும் என்பது போன வருடம் தெரிந்தது. நான் கேட்காத ஒரு பார்சலை என் பேர் எழுதிக் கொண்டுவந்து ஒருவன் 600 ரூபாய் கேட்டிருக்கிறான். "தம்பி சொல்லலையே, எடுத்துக்கிட்டுப் போப்பா" என்று பெரியம்மா திருப்பி அனுப்பிவிட்டார். இப்படி ஏமாற்றிக் காசு வாங்குகிறவர்கள் இப்போது சின்ன ஊர்களுக்கும் வருகிறார்கள்.

ஓ.டி.பி. விஷயத்தில் மாமாவை நடுவில் நிற்க வைக்காதீர்கள். ஆறு எண்ணைப் போனில் கேட்டு, மனதில் வைத்து, திரும்பச் சொல்வது அந்த வயதில் சிரமம். பார்சல் வந்ததும் மாமா போனைப் பையனிடமே கொடுக்கட்டும், எண்ணை நீங்கள் அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மீட்டிங் இருக்கும் நாளில் பார்சல் வராதபடி தேதி பார்த்து ஆர்டர் போடுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும் சனிக்கிழமைக்கே அது வந்து சேர்ந்தால் இன்னும் நல்லது. இன்னொன்றையும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: அவருடைய சொந்தப் போனுக்கு வரும் எண்ணைப் பார்சல்காரன் என்று சொல்லி யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. உங்கள் பார்சலுக்கும் அவருடைய போனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தப்பித்தவறிக் கொடுத்துப் பணம் போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதி அவர் போன் வைக்கும் இடத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

கனமான சாமானை அவர் தலையில் கட்டவே கட்டாதீர்கள். மிக்ஸி, அரிசி மூட்டை, பீங்கான் சாமான் எல்லாம் நீங்கள் இருக்கும்போது வரட்டும். பிடிக்காத பொருளைத் திருப்பி அனுப்பும் வேலையும் அப்படித்தான். பையன் வரும்வரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்போது சாவி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்துக் கதவெல்லாம் ஊறிப் பருத்துவிடும், பூட்டும் இறுகிக்கொள்ளும். நமக்குக் கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் திறந்துவிடுகிற பூட்டு, விரல் மூட்டு வலி உள்ளவருக்குத் திறக்காது. பெரியம்மா என் வாசல் பூட்டோடு ஒரு மழைநாளில் கால் மணி நேரம் போராடியதை எதிர்வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நாம் நினைப்போம். இரண்டு நாள் வழுக்கும், பிறகு தூசி சேர்ந்து பிசினாகி முன்னைவிட மோசமாகும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைச் சாவிப் பல்லில் தடவி, பூட்டுக்குள் விட்டுப் பத்து முறை திருப்புங்கள். நல்ல மாற்றம் தெரியும். அதற்கும் இளகவில்லை என்றால் பூட்டை மாற்றிவிடுங்கள். கதவு உரசும் இடத்தில் இப்போதே சாக்பீஸால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, பங்குனியில் மரம் காய்ந்ததும் தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிடுங்கள். மழையிலேயே இழைத்தால் கோடையில் இடைவெளி விழும்.

அவரிடம் இருப்பது வாசல் சாவியும் கொல்லைச் சாவியும் மட்டும்தானே? பீரோ சாவி அந்தக் கொத்தில் இருந்தால் கழற்றிக்கொள்ளுங்கள். இதைச் செய்ய எனக்குக் கூச்சமாக இருந்தது, அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று. ஒருநாள் பெரியம்மாவே சொன்னார்: "பீரோ சாவியை மட்டும் நீ எடுத்துக்கிட்டுப் போ தம்பி. அது இங்க இருந்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது." வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் யாரும் எதுவும் கேட்காமலேயே சாவி வைத்திருப்பவர் மனம் குறுகிப்போகும். அந்த நிலை மாமாவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. சாவியில் வீட்டு எண்ணோ பேரோ எழுதாமல் ஒரு சிவப்புக் கயிறு கட்டினால் போதும்.

இதெல்லாம் அவர் சுமையைக் குறைப்பது. திருப்பிச் செய்வது என்று ஒன்று வேண்டும் அல்லவா? அதற்கு உங்களுக்கு நல்ல நேரம் வாய்த்திருக்கிறது. மாமா ரயில்வே பென்ஷன்காரர். மத்திய அரசு பென்ஷன் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பெரியம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன். அடுப்படியில் தேய்ந்த விரல், ரேகை மிஷினில் பதியாமல் இரண்டு முறை பாங்கிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். இப்போது முகத்தைக் காட்டியே போனில் செய்துவிடலாம். Jeevan Pramaan, AadhaarFaceRD என்ற இரண்டு செயலிகளை உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதலில் போன்காரராக உங்கள் ஆதாரைக் கொடுத்து, உங்கள் முகத்தைக் காட்டிப் பதிய வேண்டும். அதை பெங்களூரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். பிறகு மாமாவின் ஆதார் எண், பென்ஷன் புத்தகத்தில் உள்ள பென்ஷன் உத்தரவு எண்ணான பி.பி.ஓ. எண், பென்ஷன் வரும் கணக்கு எண் ஆகியவற்றைக் கேட்கும். ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும், அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்ய முடியும்.

பெரியம்மாவுக்குக் கூடத்து மூலையில் வைத்துப் பார்த்தேன், முகம் பதியவில்லை. முற்றத்து ஓரத்தில் வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலி போட்டேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சிமிட்டணுமா, சிமிட்டிட்டேனே" என்றார். அடுத்த தடவை பதிந்துவிட்டது. முடிந்ததும் பிரமாண் எண் ஒன்று குறுஞ்செய்தியில் வரும். அதோடு எழுந்துவிடாதீர்கள். பி.பி.ஓ. எண்ணில் ஓர் எண் தவறினாலும் பிறகு பாங்க் நிராகரித்துவிடும். சில நாள் கழித்து, ஏற்கப்பட்டதா என்று அந்த எண்ணை வைத்துப் பாருங்கள்.

தீபாவளிக்குத் தட்டில் துளிர் வெற்றிலையும் பாக்கும் பழமும் ஒரு வேட்டியும் வைத்து, உங்கள் அம்மா கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அதை அவர் மறுக்கமாட்டார். அதற்கு முன்னால், இன்றைக்குச் சாயங்காலமே மாமாவுக்குப் போன் போட்டு, பி.பி.ஓ. எண் உள்ள அந்தப் பழைய பென்ஷன் புத்தகத்தைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.