செலவுப் பட்டை ஏன் இவ்வளவு உயரம்?

“ஐயா, போன செய்தி மடலில் வந்த பட்டை வரைபடத்தில் 2024-25க்கு வருமானம் 60 லட்சம், செலவு 58.8 லட்சம் என்று இருக்கிறது. நம் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்வதே இரண்டு பேர். இவ்வளவு செலவு எதற்கு? அதைக் குறைத்தால் எங்களுக்குப் போனஸ் கூடுமே?” – பால் ஊற்றும் உறுப்பினர் ஒருவர்

அந்த 58.8 லட்சத்தில் 51.9 லட்சம் உங்கள் கைக்கு வந்த பால் பணம். மாவட்டப் பால் ஒன்றியத்துக்கும் உள்ளூரிலும் பாலை விற்று வந்த தொகை முழுவதும் வருமானப் பட்டையில் ஏறிவிடுகிறது. அதே பாலுக்கு உங்களுக்குக் கொடுத்த விலை செலவுப் பட்டையில் ஏறுகிறது. அதனால்தான் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன.

செலவை நூறு ரூபாயாக வைத்துப் பாருங்கள். 88 ரூபாய் பால் பணம். 6 ரூபாய் மாட்டுத்தீவனம் வாங்கியது. அதை உங்களுக்கே விற்ற பணம் வருமானத்தில் இருக்கிறது. 4 ரூபாய் சம்பளம். மீதி 2 ரூபாயில் மின்சாரம், பால் பரிசோதனைச் சாமான், பதிவேடு, கருவித் தேய்மானம் எல்லாம் அடக்கம். சம்பளத்தையும் இந்தச் சில்லறைச் செலவுகளையும் கூட்டினாலே மூன்றரை லட்சம்தான். அதில் கைவைத்தால் காலையில் பால் அளக்க ஆள் இருக்காது.

வருமானத்துக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி 1.2 லட்சம். 12 செ.மீ. உயரப் பட்டையில் அது இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது. பட்டையை 55 லட்சத்தில் தொடங்கி வரைந்திருந்தால் அதே இடைவெளி பெரிய லாபம்போலத் தெரிந்திருக்கும். அப்படி வரைய எனக்கு மனமில்லை, பூஜ்யத்திலிருந்துதான் வரைந்தேன்.

இந்த 1.2 லட்சத்தை அப்படியே பிரித்தாலும், வருஷத்துக்கு 60,000 ரூபாய்க்குப் பால் ஊற்றியவருக்குக் கிடைப்பது சுமார் 1,400 ரூபாய். ஆனால் அப்படியே பிரிக்க முடியாது. தணிக்கை முடிய வேண்டும், சட்டப்படி சேமநிதிக்கும் மற்ற நிதிகளுக்கும் முதலில் ஒதுக்க வேண்டும், அப்புறம்தான் போனஸ். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பால் விலையை இழுத்துப்பிடித்தால் இடைவெளி தானாகவே பெரிதாகிவிடும். அந்த லாபம் உங்கள் பால் பணத்திலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்.

2022-23 பட்டையைவிட 2023-24 பட்டை இரண்டரை லட்சம் உயர்ந்ததைச் சிலர் வளர்ச்சி என்று சொன்னார்கள். 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. முதல் ஏழு மாதம் பழைய விலை, மறு வருஷம் முழுக்கப் புது விலை. லிட்டர் கணக்கு அசையவில்லை, விலைதான் பட்டையைத் தூக்கியது. (2023 டிசம்பரில் வந்த 3 ரூபாய் ஊக்கத்தொகை இந்தப் பட்டைகளில் இல்லை, அதற்குத் தனிக்கணக்கு வைத்திருக்கிறோம்.)

சரி, எங்கேயுமே பணம் ஒழுகவில்லையா என்றால், ஒழுக இடம் இருக்கிறது. அது பட்டைக்குள் ஒளிந்திருக்கும். உங்கள் பாலின் கொழுப்பையும் இதர சத்தையும் நம் சங்கத்தில் பார்த்து விலை போடுகிறோம். ஒன்றியம் தன் இடத்தில் மறுபடி பார்த்து நமக்கு விலை போடுகிறது. நாம் கொழுப்பு 4.3 என்று எழுதிப் பணம் கொடுத்த பாலை அவர்கள் 4.1 என்று எடுத்தால், அந்த வித்தியாசத்தைச் சங்கம்தான் சுமக்கும். லிட்டருக்கு 50 பைசா என்று வைத்தாலும், நாளைக்கு 400 லிட்டருக்கு 200 ரூபாய், வருஷத்துக்கு 73,000. நம் இடைவெளியில் பாதிக்கும் மேல் அதிலேயே போய்விடும். வரைபடத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் 60 லட்சப் பட்டையில் 73,000 என்பது ஒன்றரை மில்லிமீட்டர்.

கண்டுபிடிக்க ஒரே வழி, நம் கொள்முதல் பதிவேட்டையும் ஒன்றியத்திலிருந்து வரும் பால் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லிட்டரையும் கொழுப்பையும் ஒப்பிடுவது. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், அது சகஜம். தொடர்ந்து ஒரே பக்கம் குறைந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: கேனைக் கலக்காமல் மாதிரி எடுக்கிறார்களா, பரிசோதனைக் கருவி சரியாக இருக்கிறதா, வண்டி வரும்வரை பால் வெயிலில் நிற்கிறதா.

அடுத்த மடலில் செலவுப் பட்டையை அடுக்கடுக்காகப் பிரித்து, பால் பணத்தைத் தனி நிறத்தில் போடுகிறேன். பக்கத்திலேயே மாதவாரி லிட்டரும் நம் கொழுப்பும் ஒன்றியக் கொழுப்பும் இருக்கும். பொதுக்குழு அன்று இரண்டு பதிவேடுகளும் மேசையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.