ஒரு செய்தி, இரண்டு வகை

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் முதுகலை ஆய்வு செய்கிறேன். தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகளை உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்வது என் வேலை. கட்டடம், நிதி, மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர், அரசியல், சமூக முயற்சி, மற்றவை என ஏழு வகைகள் வைத்திருக்கிறேன். நானும் தோழியும் 40 செய்திகளைத் தனித்தனியே படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை குறித்துக் கோடிங் செய்தோம். 26தான் ஒத்துப்போனது. வகைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன என்கிறார் மேற்பார்வையாளர். வரையறைகளை நீட்டி எழுதிப் பார்த்தேன், பயனில்லை. என்ன செய்யலாம்?

தேவி

அன்புள்ள தேவி,

வரையறையை எவ்வளவு நீட்டினாலும் இது தீராது. சிக்கல் பட்டியலிலேயே இருக்கிறது. கட்டடம், மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் ஆகியவை பள்ளிக்கு என்ன குறை என்று சொல்கின்றன. நிதி என்பது குறைக்கான தீர்வு. அரசியலும் சமூக முயற்சியும் யார் பேசுகிறார், யார் செய்கிறார் என்பதைச் சொல்கின்றன. மூன்று கேள்விகளுக்கான விடைகளை ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

இப்படி ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டப் பள்ளியின் பலகைக் கட்டடத்தைக் கறையான் அரித்துவிட்டது. துணையமைச்சர் வந்து பார்த்து மானியம் தருவதாகச் சொல்கிறார். அது போதாது, நன்கொடை விருந்து வைக்கப்போகிறோம் என்கிறார் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். நீங்கள் 'கட்டடம்' என்று குறித்திருப்பீர்கள், தோழி 'அரசியல்' என்று குறித்திருப்பார். இருவருமே சரி. சட்டகம்தான் இருவரையும் மோதவிட்டது.

ஆகவே அந்த மூன்று கேள்விகளையும் மூன்று மாறிகளாகப் பிரித்துவிடுங்கள். குறை என்ன என்பதற்கு ஒரு பட்டியல். அதில் 'குறை எதுவும் சொல்லப்படவில்லை' என்ற இடமும் வேண்டும். இல்லாவிட்டால் பரிசளிப்பு விழாச் செய்திகள் எங்கேயாவது திணிக்கப்படும். யார் பேசுகிறார் என்பதற்கு, செய்தியில் முதலில் மேற்கோள் காட்டப்படுபவர் என்று விதி வைத்தால் போதும். தீர்வை மட்டும் ஒற்றைத் தேர்வாக வைக்காதீர்கள். நம் செய்தியில் மானியமும் இருக்கிறது, நன்கொடையும் இருக்கிறது. ஒவ்வொரு தீர்வையும் தனி வரியாக்கி உண்டு, இல்லை என்று குறியுங்கள்.

இதற்குப் பிறகும் 'குறை' பட்டியலுக்குள் எல்லைத் தகராறு இருக்கும். அங்கேதான் வரையறைக்கு வேலை. ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்.

வகை 2: மாணவர் எண்ணிக்கை. பிள்ளைகள் குறைவதைச் செய்தி குறையாகச் சொல்லும்போது.
சேரும்: முதலாம் ஆண்டுப் பதிவுச் சரிவு, பிள்ளைகள் இல்லாமல் மூடப்படும் அபாயம்.
சேராது: பிள்ளைகள் கூடி வகுப்பறை போதாமல் போவது. அது வகை 1, கட்டடமும் நிலமும்.
எல்லையில்: பள்ளியை வேறு இடத்துக்கு மாற்றக் கோரும் செய்தி. பிள்ளைகள் குறைந்ததைக் காரணமாகச் சொன்னால் வகை 2. நிலம் கைமாறியதைச் சொன்னால் வகை 1. இரண்டையும் சொன்னால் தலைப்பில் இருப்பது. தலைப்பில் இல்லையென்றால் செய்தியில் முதலில் வருவது.

'சேராது' என்று எழுதும்போது அது எங்கே போகும் என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். கோடிங் கையேடுகளில் எளிதில் விடுபடுவது இந்த அரை வரிதான். இன்னொன்று, காரணம் செய்தியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தோட்டம் விற்கப்பட்டதால்தான் குடும்பங்கள் நகரத்துக்குப் போயின என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். செய்தி அதைச் சொல்லவில்லையென்றால் நீங்களும் குறிக்கக் கூடாது. ஒரே ஊர்க்காரர்கள் இருவர் கோடிங் செய்யும்போது இந்த ஊகம் இருவருக்கும் ஒன்றாகவே அமைந்து, ஒத்துப்போவதுபோல் காட்டிவிடும். அது வகைகளின் தெளிவால் வந்த ஒற்றுமை அல்ல.

ஒத்துப்போகாத அந்த 14ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த வகை பக்கவாட்டிலும் தோழி கொடுத்தது மேலேயும் வர ஒரு கட்டம் போடுங்கள். முரண்கள் கட்டமெங்கும் சிதறியிருந்தால் பயிற்சி போதவில்லை என்று கொள்ளலாம். ஏதோ இரண்டு வகைகளுக்கிடையே குவிந்திருந்தால் அந்த எல்லையை மட்டும் திருத்துங்கள். திருத்தியும் அங்கேயே குவிந்தால், ஆய்வுக் கேள்விக்கு அந்த வேறுபாடு தேவையா என்று பாருங்கள். தேவையில்லையென்றால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

புதிய சட்டகத்தைப் பழைய 40 செய்திகளில் சோதிக்க வேண்டாம். அவற்றைப் பேசிப் பேசி இருவரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். புதிய செய்திகளை எடுத்து, இருவர் குறித்தவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபாவை ஒவ்வொரு மாறிக்கும் தனியாகக் கணக்கிடுங்கள். 0.800க்கு மேல் இருந்தால் நம்பலாம் என்பது கிரிப்பன்டார்ஃப் சொல்லும் அளவு, 0.667 வரை இறங்கினால் தற்காலிக முடிவுகளுக்கு மட்டுமே ஆகும். பேசுபவர் மாறியில் எண் எளிதாக ஏறும். அதோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் 'குறை' மாறியின் பலவீனம் மறைந்துவிடும்.

முதன்மைக் கோடிங் தொடங்கிய பின் விதி மாறினால், அதற்கு முன் முடித்த செய்திகளையும் புதிய விதிப்படி மறுபடி குறிக்க வேண்டியிருக்கும். ஆகவே சோதனைக் கட்டத்திலேயே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள்.