போட்டோவில் வந்த ஸ்டாஃப் சார்ட்டை வைத்து கிளாஷ் இல்லாமல் டைம்டேபிள் போடுவது

கேள்வி: எங்கள் பள்ளியில் எந்த டீச்சர் எந்த பீரியடில் இருப்பார் என்று கையால் எழுதிய சார்ட்டின் போட்டோ மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அதை வைத்து கிளாஷ் இல்லாமல் பீரியட் ஒதுக்குவது எப்படி? எத்தனை முறை போட்டாலும் ஏதாவது ஓரிடத்தில் இடிக்கிறது.

பதில்:

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியமும் இங்கிலீஷ் மீடியமும் சேர்ந்து நடக்கும் ஒரு பள்ளியில் பல வருடங்களாக டைம்டேபிள் போடுகிறேன். என் அனுபவத்தில் பாதி கிளாஷ் ஒதுக்கும்போது வருவதில்லை, போட்டோவைப் படிக்கும்போதே உள்ளே வந்துவிடுகிறது. அதனால் ஒதுக்கீட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் போட்டோ.

சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டைப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் தூரத்து ஓரத்துக் கட்டங்கள் சுருங்கிவிடும். 6, 7-ம் பீரியட் கட்டங்கள் அங்கேதான் இருக்கும், அந்த இடத்தில் கண் ஒரு வரிசை மேலேயோ கீழேயோ நழுவும். பிளாஷ் போட்டால் பென்சில் டிக்கும் ஒயிட்னர் அடித்துத் திருத்திய இடமும் வெளுத்து மறையும். முடிந்தால் தாளைக் கழற்றி மேஜையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தைப் படித்துத் தரும் ஆப்களை நம்ப வேண்டாம். அவை டிக்கை எழுத்தாகப் பார்ப்பதில்லை. காலிக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததை இடப்பக்கம் தள்ளிவிட்டால் முழு வரிசையும் கெட்டுப்போகும். ஒருவர் வரிசை வரிசையாக வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் வெள்ளைத்தாளில் குறிப்பதுதான் இன்றும் நான் செய்வது.

படிப்பதற்கு முன்னால் டிக்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் 'நான் ஃப்ரீ' என்று டிக் போட்டிருப்பார், அடுத்தவர் 'எனக்கு அங்கே கிளாஸ் இருக்கிறது' என்று போட்டிருப்பார். ஒரே தாளில் இரண்டும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பள்ளிக்குப் போகிறவர்கள் பீரியட் எண்ணுக்குப் பதிலாக மணிக்கணக்கில் எழுதுவார்கள். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக மதிய இடைவேளை நீளும். அதனால் 'மதியம் 2 மணிக்கு மேல்' என்பது மற்ற நாளில் ஒரு பீரியட், வெள்ளிக்கிழமை வேறொரு பீரியட். இதையெல்லாம் கேட்டு, எல்லாவற்றையும் பீரியட் எண்ணுக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

இனி ஒரு நிஜமான புதன்கிழமையைச் சொல்கிறேன். 8ஏ, 9ஏ, 10ஏ மூன்றும் தமிழ் மீடியம். 9பி இங்கிலீஷ் மீடியம், அதில் பாதிப் பிள்ளைகள் தமிழும் பாதிப் பிள்ளைகள் மலையாளமும் படிக்கிறார்கள். மொழி பீரியட் வந்தால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து இரண்டு அறைக்குப் போகும். அந்த நேரத்தில் தமிழ் டீச்சர், மலையாளம் டீச்சர் இருவருமே ஃப்ரீயாக இருக்க வேண்டும்.

யார் எந்தப் பீரியடில் ஃப்ரீ என்று போட்டோவிலிருந்து நான் படித்தது இது. ஹிந்தி டீச்சருக்கு 3, 4, 5, 6. அவருக்குக் கீழ் வரிசையில் டிராயிங் மாஷுக்கு 5 மட்டும். தமிழ் டீச்சருக்கு 1, 2, 4, 6. மலையாளம் டீச்சருக்கு 3, 4, 5. மற்றவர்கள் நாள் முழுக்க இருப்பார்கள்.

இங்கே ஒதுக்க ஆரம்பிக்காமல், ஒவ்வொருவருக்கும் எத்தனை பீரியட் வேண்டும், எத்தனை இருக்கிறது என்று பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்ப்பேன். ஹிந்திக்கு அன்று நான்கு வகுப்பு வேண்டும், நான்கு கட்டம் இருந்தது. சரியாக வந்தது. டிராயிங்குக்கு 8ஏ, 9ஏ என்று இரண்டு வேண்டும், ஒரு கட்டம்தான் இருந்தது. புதன்கிழமைக்கு இரண்டு பீரியட் என்று முன்பே பேசி வைத்த மாஷ் ஒன்றுக்கு மட்டும் ஏன் டிக் போட வேண்டும்? போட்டோவைப் பெரிதாக்கினால் 6-ம் கட்டத்து டிக் இரண்டு வரிசைக்கும் நடுவில் கோட்டின் மேல் கிடந்தது. ஹிந்தி டீச்சருக்கு போன் செய்தேன். "எனக்கு மூணுதான் மாஷே, 5 முடிஞ்சதும் கோபாலபுரம் பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றார். அந்த டிக் மாஷுடையது. ஒரு வரிசைக்கு ஒன்று குறைந்தால், ஒட்டிய வரிசை கணக்குக்குச் சரியாக வந்தாலும் அங்கே டிக் நழுவியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். எனக்கு இது பலமுறை பலித்திருக்கிறது.

திருத்திய பிறகு டிராயிங் சரியாகிவிட்டது, ஆனால் ஹிந்திக்கு மூன்று கட்டத்தில் நான்கு வகுப்பு. எப்படி மாற்றி மாற்றி அடுக்கினாலும் இது நடக்காது. உங்களுக்கு எத்தனை முறை போட்டாலும் இடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இருக்கிற கட்டம் வேண்டியதைவிடக் குறைவு என்றால் கிழமையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆளை மாற்ற வேண்டும். 9பி-யின் ஹிந்தியை வியாழனுக்குத் தள்ளினேன், அன்று டீச்சருக்கு ஒரு கட்டம் மிச்சம் இருந்தது.

இப்போது ஹிந்தி மூன்றுக்கு மூன்று, டிராயிங் இரண்டுக்கு இரண்டு, தமிழ் நான்குக்கு நான்கு. மிச்சமே இல்லாத இந்த மூன்று வரிசைகளையும், இடம் மாறாத வேறு விஷயங்களையும்தான் முதலில் வைக்க வேண்டும். நாள் முழுக்க இருக்கும் கணக்கு, சோஷியல் டீச்சர்களை முதலில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எளிதாக இருப்பதால் கை அங்கே போகிறது. அவர்கள் நல்ல கட்டங்களை நிரப்பிவிட்டால் ஹிந்திக்கு இடமிருக்காது.

இடம் மாறாதவை மூன்று. 9பி-யின் மொழி பீரியட் தமிழ், மலையாளம் இரண்டு வரிசையிலும் பொதுவாக இருக்கும் கட்டத்தில்தான் வரும், அது 4 மட்டுமே. சயின்ஸ் லேப் ஒன்றுதான், 9ஏ 2, 3-லும் 10ஏ 4, 5-லும் எடுத்திருக்கிறார்கள். தமிழ் டீச்சர் 10ஏ-யின் கிளாஸ் டீச்சர், வருகைப்பதிவு எடுப்பதால் அவருக்கு 1-ம் பீரியட் அங்கே.

இதை வைத்ததுமே பல கட்டங்கள் தானாக முடிவாகின்றன. 10ஏ 4, 5-ல் லேபில் இருப்பதால் அதன் ஹிந்தி 3. மிச்சமுள்ள 4, 5 ஹிந்தி 8ஏ-க்கும் 9ஏ-க்கும். தமிழில் மிச்சம் 2-ம் 6-ம். 9ஏ 2-ல் லேபில் இருக்கிறது, எனவே 8ஏ-க்கு 2, 9ஏ-க்கு 6.

அப்புறம் 8ஏ-க்கு 4-ல் ஹிந்தி, 5-ல் டிராயிங் என்றும், 9ஏ-க்கு 5-ல் ஹிந்தி, 6-ல் டிராயிங் என்றும் எழுதினேன். ஹிந்தி வரிசையில் கிளாஷ் இல்லை, டிராயிங் வரிசையிலும் இல்லை. ஆனால் 9ஏ-யை நெடுக்காகப் பார்த்தால் 6-ல் தமிழும் டிராயிங்கும் ஒரே நேரத்தில். டீச்சர் வரிசையை மட்டும் சரிபார்ப்பவர்கள் கோட்டைவிடும் கிளாஷ் இது. ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு வரக் கூடாது, வகுப்புக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர் வரக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்த மாதிரி இடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். இடிக்கும் ஒன்றை மட்டும் பிடித்து, அதை நகர்த்தினால் எது நகர வேண்டும் என்று சங்கிலியாகப் போங்கள். 9ஏ-யின் டிராயிங் 6-லிருந்து 5-க்குப் போக வேண்டும். அங்கே மாஷ் 8ஏ-யில் இருக்கிறார், அவர் 8ஏ-க்கு 6-ல் போகட்டும். 9ஏ-க்கு 5-ல் ஹிந்தி இருக்கிறதே, அது 4-க்குப் போகட்டும். 4-ல் ஹிந்தி டீச்சர் 8ஏ-யில் இருக்கிறார், அவர் 8ஏ-க்கு 5-ல் வரட்டும். 8ஏ-யின் 5-ல் இருந்த டிராயிங்தான் 6-க்குப் போய்விட்டதே. சங்கிலி மூடிவிட்டது. நான்கு கட்டம் மாறின, வேறு எதையும் தொடவில்லை.

முடிவில் ஹிந்தி 3-ல் 10ஏ, 4-ல் 9ஏ, 5-ல் 8ஏ. டிராயிங் 5-ல் 9ஏ, 6-ல் 8ஏ. தமிழ் 1-ல் 10ஏ, 2-ல் 8ஏ, 4-ல் 9பி, 6-ல் 9ஏ. இதற்குப் பிறகு கணக்கையும் சோஷியலையும் மீதிக் கட்டங்களில் போட அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வாரம் முழுவதையும் கண்ணால் சரிபார்ப்பது கஷ்டம். ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு பீரியட் என்று A-யில் நாள், B-யில் பீரியட், C-யில் டீச்சர், D-யில் வகுப்பு எழுதுங்கள். போட்டோவில் படித்த ஃப்ரீ கட்டங்களை Avail என்ற இன்னொரு ஷீட்டில் இதே வரிசையில் நாள், பீரியட், டீச்சர் என்று எழுதுங்கள். பிறகு முதல் ஷீட்டின் 2-ம் வரியில் E, F, G-யில் இவற்றைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,C:C,C2)
=COUNTIFS(A:A,A2,B:B,B2,D:D,D2)
=COUNTIFS(Avail!A:A,A2,Avail!B:B,B2,Avail!C:C,C2)
```

E-யில் 2 வந்தால் டீச்சருக்கு கிளாஷ். F-ல் 2 வந்தால் வகுப்புக்கு கிளாஷ், 9பி-யின் மொழி பீரியடில் மட்டும் 2 வருவதுதான் சரி. G-யில் 0 வந்தால் டீச்சர் இல்லாத நேரத்தில் போட்டிருக்கிறீர்கள். பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஓரிடத்தில் 'ஹிந்தி', இன்னோரிடத்தில் 'ஹிந்தி டீச்சர்' என்று இருந்தால் E-யில் கிளாஷ் இருந்தும் 1 என்றே காட்டும்.

டைம்டேபிள் போட்டுத்தரும் FET போன்ற இலவச மென்பொருள் பெரிய பள்ளிக்கு நன்றாக உதவும். ஆனால் யார் எப்போது இல்லை என்பதை அதிலும் நாம்தான் கையால் உள்ளிட வேண்டும். நழுவிய டிக்கை அதனால் கண்டுபிடிக்க முடியாது, மூன்று கட்டத்தில் நான்கு வகுப்பை அதனாலும் வைக்க முடியாது.

நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் அவர் வரிசையை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்து, ஒரு நாள் வைத்திருந்து கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். முழு டைம்டேபிளை நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள், தன் ஏழு கட்டத்தை எல்லோரும் படிப்பார்கள். அந்தப் புதன்கிழமைத் தாளை மலையாளம் டீச்சரிடம் கொடுத்தபோதுதான், 4-ல் 9பி பிரிந்து போவதற்கு இரண்டாவது அறை நான் குறிக்கவே இல்லை என்று தெரிந்தது. 10ஏ அந்த நேரம் லேபில் இருப்பதால் அவர்கள் அறையை எழுதிக் கொடுத்தேன்.