சம்பளம் இல்லாத தாய்க்கு மகள் கிடைப்பாளா?

"அவர் கத்தாரில உழைக்கிறார், எனக்கு வேலை இல்லை. விவாகரத்து வழக்கு திருகோணமலை கோட்டில நடக்குது. 6 வயது மகளை அவருக்குக் குடுத்திடுவாங்களா?"

சம்பளத்தை வைத்து மட்டும் கொடுக்கமாட்டார்கள், சகோதரி. காசுக்குத் தாபரிப்புக் கட்டளை இருக்கிறது. பிள்ளை உங்களிடம் இருந்தாலும் அவர் கட்டத்தான் வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே வந்த உரோமன் டச்சுச் சட்டப்படி தகப்பனுக்கு முன்னுரிமை என்று அவருடைய சட்டத்தரணி வாதாடலாம். ஆனால் இன்று நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையே முதலில் பார்க்கின்றன.

நீதிபதி கேட்பது நடைமுறைக் கேள்விகள்: காலையில் பள்ளிக்கு அனுப்புவது யார்? காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது யார்? அவர் கத்தாரில் என்றால், அவர் பக்கத்தில் பிள்ளையை உண்மையில் பார்க்கப்போவது யார்? அப்பம்மா என்றால் அதையும் எடைபோடுவார்கள். உங்கள் பக்கத்துக்கு மகளின் சுகாதாரப் பதிவேடு, பள்ளி வரவு விபரம், அதிபரின் கடிதம் ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். தீர்ப்பு வரைக்கும் மகள் உங்களிடமே இருக்க, அதே வழக்கில் இடைக்காலக் கட்டளை கேட்கும்படி உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

பலர் கோட்டைவிடுவது வேறு இடத்தில். கோபத்தில் தகப்பனின் வீடியோ கோலைத் தடுத்தால், பிள்ளையைப் பிரிக்கிற தாய் என்று அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். பேசவிட்டு, நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். நீதிபதி மகளைத் தன் அறையில் தனியாகக் கேட்கவும் கூடும். "இப்பிடிச் சொல்லு" என்று பழக்கிவிடாதீர்கள், பெரியவர்களின் சொல் பிள்ளை வாயில் வந்தால் உடனே தெரிந்துவிடும்.